இட்லித் துண்டு தரையைத் தொடும் வரை

என் மகளுக்குப் பத்தாவது மாதம் தொடங்கியபோது, என் அண்ணன் தாய்மாமன் சீர் என்று சொல்லிப் பொள்ளாச்சியிலிருந்து ஓர் உயரமான நாற்காலியை வாங்கி வந்தார். முன்பக்கம் தட்டுப்பலகை பொருத்திய, இடுப்பில் வார் கட்டும் நாற்காலி அது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்கவில்லை. அதுவரை அவளுக்குச் சோறு ஊட்டியதெல்லாம் நான் அத்தை என்று அழைக்கும் என் மாமியாரின் இடுப்பில்தான், அல்லது முற்றத்தில் விரித்த பாயில். நாற்காலி வந்த மூன்றாம் நாள் காலையில் அவள் ஓர் இட்லித் துண்டை எடுத்தாள், தட்டுப்பலகையின் விளிம்புக்கு அப்பால் கையை நீட்டினாள், விட்டாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். அடுத்த துண்டும் அப்படியே போயிற்று. ஆறாவது துண்டில் அத்தை எழுந்து வந்து, "அன்னத்தைக் கீழ போடக் கூடாது கண்ணு, லட்சுமி கோவிச்சுக்குவா" என்றார். அவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள், ஏழாவது துண்டை எடுத்தாள்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பொருள்கள் விழுவதைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவள். ஆதலால் இதைக் கண்டதும் மற்றவர்கள் சொல்வதையே நானும் சொன்னேன்: குழந்தை புவியீர்ப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதமும், கைபேசியில் எடுத்த நிறைய காணொளிகளும், கொஞ்சம் படிப்பும் தேவைப்பட்டன. அந்தத் தவற்றைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

பொருள் பிடிமானம் இல்லாமல் நின்றால் விழும் என்பது பத்து மாதக் குழந்தைக்குப் புதிய செய்தியே இல்லை. ரெனே பையர்ஜோன் என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகளில், கைக்குழந்தைகளுக்கு ஒரு பெட்டியும் ஒரு மேடையும் காட்டப்பட்டன. மேடையைத் தொடாமலேயே பெட்டி அந்தரத்தில் நின்றால், மூன்று மாதக் குழந்தைகளே அதைக் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. ஏறத்தாழ ஆறரை மாதத்தில், பெட்டியின் அடிப்பகுதியில் எவ்வளவு பங்கு மேடைமீது இருக்கிறது என்பதையும் கணக்கில் கொண்டன. ஓர் ஓரம் மட்டும் மேடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டி விழாமல் நிற்பது அவற்றுக்கு வியப்பாக இருந்தது. அப்படியானால், நாற்காலியில் உட்கார்ந்து இட்லியை விடுகிற குழந்தைக்கு, அது கீழே போகும் என்பது முன்பே தெரியும். தெரிந்ததை எதற்காக ஒரே காலையில் இருபது முறை செய்து பார்க்க வேண்டும்?

விடைக்கு முதலில் கையைப் பார்க்க வேண்டும். நாம் எல்லாரும் "தூக்கிப் போடுகிறாள்", "எறிகிறாள்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் பத்தாவது மாதத்தில் அவள் செய்தது எறிதல் அல்ல, விடுதல். தமிழில் இவை இரண்டும் வேறு வேறு வினைகள்; குழந்தையின் கையிலும் அவை வேறு வேறு திறன்கள்தாம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் அது தானாகவே இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிறவிப் பிடி முதல் ஆறு மாதத்துக்குள் மெல்ல மறைந்து, வேண்டியதை வேண்டும்போது பிடிக்கும் திறன் அதன் இடத்தில் வருகிறது. பிடிப்பது முதலில் வந்துவிடும். வேண்டும்போது விடுவது பல மாதம் கழித்துத்தான் வரும். என் மகள் ஒன்பதாவது மாதத்தில், அத்தை கை நீட்டி "தா" என்றால், கிலுக்கை அவர் கையில் வைப்பாள், ஆனால் விரல்களைத் திறக்க மாட்டாள். (பக்கத்து வீட்டுச் சேச்சியும் மலையாளத்தில் "தா" என்றே கேட்பார் என்பதால், இரு மொழியிலும் அவள் ஒரே சொல்லுக்குத்தான் இப்படித் திணறினாள்.) அத்தை இழுத்தால்தான் கிலுக்கு வரும். கொஞ்ச நாள் கழித்து, பொருளைத் தரையிலோ பலகையிலோ அழுத்திக்கொண்டு விரல்களைப் பிரிக்கக் கற்றாள். எதிலும் அழுத்தாமல், வெறும் காற்றில் கையை வைத்து விரல்களை விரிப்பது அதற்கும் பிறகு வந்தது. நாற்காலி வந்த நாட்கள் சரியாக அந்த நாட்களாக அமைந்துவிட்டன.

என் கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளி வசதி உண்டு. முதல் வாரக் காணொளிகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது, என் கண்ணில் படாமல் போன ஒன்று தெரிந்தது. இட்லி கையை விட்டுப் போகும் நேரத்தில் அவள் இட்லியைப் பார்க்கவே இல்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் ஒன்றாக, தேவைக்கும் அதிகமாக அகல விரிகின்றன. இட்லி தரைக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் அவள் பார்வை வெறுங்கையில் நிற்கிறது. அதன் பிறகே குனிகிறாள். அவளுடைய முதல் வியப்பு தரையில் நடந்தது அல்ல. தன் கை திறந்ததுதான்.

இதை நான் முதலில் கண்டதாக எண்ணி மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே தம் பிள்ளைகள் மூவரைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் படித்தேன். அவர் மகன் லோரான் பத்து மாதமும் பத்து நாளும் ஆனபோது, ஒரு ரொட்டித் துண்டைத் திரும்பத் திரும்பக் கீழே விடுகிறான். அதைப் பிய்த்து, அந்தச் சிறு துண்டுகளையும் விடுகிறான். அதைத் தின்னும் எண்ணமே அவனிடம் இல்லை என்று பியாஜே குறிக்கிறார். அதற்கு முந்தைய நாட்களில் பையனின் கவனம் பொருளைக் கையிலிருந்து விடுகிற செயலில் இருந்தது. அன்று முதல் அது விழுகிற பொருளுக்கு மாறிவிட்டது என்றும், விழுந்து கிடப்பதை அவன் நெடுநேரம் பார்த்தான் என்றும் எழுதுகிறார். மறுநாள் பொம்மைகளை வைத்துக்கொண்டு, கையை நேராகவும் சாய்வாகவும், முகத்துக்கு முன்னும் பின்னும் நீட்டி விட்டிருக்கிறான். பொருள் புதிய இடம் ஒன்றில் விழுந்தால், அதே இடத்தில் மேலும் இரண்டு மூன்று முறை விழச் செய்து, பிறகு நிலையை மாற்றியிருக்கிறான். மெதுவோட்டக் காணொளி இல்லாத காலத்தில், வெறும் கண்ணாலும் குறிப்பேட்டாலும் ஒரு தந்தை இதைப் பிரித்தறிந்தார் என்பது எனக்கு இன்றும் பெருவியப்பாக இருக்கிறது.

என் மகளிடமும் அந்த மாற்றம் வந்தது, இரண்டு வாரம் போல ஆயிற்று. விரலிலிருந்து பார்வை விலகி, இட்லியின் பின்னால் போகத் தொடங்கியது. அந்த இடத்தில் நாற்காலியின் உயரத்துக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது என்று கருதுகிறேன். பாயில் உட்கார்ந்த குழந்தையின் கை தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் பொருள் 0.2 நொடியில் தரையைத் தொட்டுவிடும். ஒன்று நகர்வதை உணர்ந்து அதன் பக்கம் கண்ணைத் திருப்பத் தொடங்கவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். குழந்தைக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகும். ஆகவே பாயில் இருக்கும் குழந்தைக்கு விழுதல் என்ற நிகழ்ச்சியே கண்ணுக்கு அகப்படுவதில்லை. பொருள் கையில் இருந்தது, இப்போது பக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான். எங்கள் நாற்காலியின் தட்டுப்பலகை 75 சென்டிமீட்டர் உயரம், அதற்கு மேல் நீட்டிய கை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். அங்கிருந்து தரைக்கு 0.43 நொடி. இரு மடங்குக்கும் சற்று மேலான இந்த நேரத்தில், கண் திரும்பவும் பொருளைப் பிடிக்கவும் இடம் கிடைக்கிறது. "எங்க காலத்துல எந்தப் பிள்ளையும் இப்படிப் பண்ணலை" என்று அத்தை சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இடுப்பிலும் பாயிலும் உண்ட பிள்ளைகளுக்கு, கைகள் இரண்டும் காலியாக, முதுகுக்குச் சாய்மானத்தோடு, முன்னால் ஒரு விளிம்பும் அதற்குக் கீழே ஒரு பள்ளமும் கிடைத்ததே இல்லை.

சோறும் கூழும் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கன்வாடியிலிருந்து எங்களுக்கு அமிர்தம் பொடி கிடைக்கிறது; கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்காகக் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்பின் பெண்கள் தயாரிக்கும் பொடி. அதைக் குறுக்கிக் கெட்டியாகக் கொடுத்த நாட்களிலும், பருப்புச் சோற்றைப் பிசைந்து கொடுத்த நாட்களிலும் அவள் கையை வேகமாக உதறினாள், சுவரெல்லாம் தெறித்தது. எல்லாரும் அதைக் கோபம் என்றார்கள். காணொளியில் பார்த்தால், அவள் முதலில் வழக்கம்போல விரல்களை விரிக்கிறாள். பிசைந்த சோறு விரலில் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கிறது. விழ வேண்டியது விழவில்லையே என்று கையைப் பார்க்கிறாள். அதன் பிறகே உதறுகிறாள். இட்லியும் வேகவைத்த நேந்திரம்பழமும் கையிலிருந்து சுத்தமாகப் பிரிவதால், அவற்றை அவள் ஒருபோதும் உதறியதில்லை. உதறல் கோபமா, ஒட்டலா என்று அறிய, உதறும் கையைவிட அதற்கு முந்தைய அரை நொடியைப் பார்ப்பது பயன் தரும்.

இந்தக் கட்டத்தில் அவள் எதை அறிய முயன்றாள் என்பதற்கு, நான் படித்தவற்றுள் மிகத் தெளிவான சான்று 2015ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எய்மி ஸ்டாலும் லீசா ஃபைகன்சனும் பதினோரு மாதக் குழந்தைகளுக்குச் சில காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பொம்மை வண்டி மேடையின் விளிம்பைத் தாண்டியும் விழாமல் அந்தரத்தில் நின்றது. வேறு குழந்தைகளுக்கு, வண்டி ஒரு சுவரின் ஊடே புகுந்து மறுபக்கம் வந்தது போலக் காட்டப்பட்டது. பிறகு அந்த வண்டியையே குழந்தைகளின் கையில் கொடுத்தார்கள். அந்தரத்தில் நின்றதைக் கண்ட குழந்தைகள் வண்டியைக் கீழே விட்டுப் பார்த்தன. சுவரில் புகுந்ததைக் கண்ட குழந்தைகள் அதைப் பலகையில் தட்டிப் பார்த்தன. கீழே விடுவது குழந்தைக்கு வெறும் பழக்கமாக இருந்தால், இரண்டு குழுவும் ஒன்றுபோலவே விட்டிருக்கும். தான் எதிர்பார்த்தது எங்கே பொய்த்ததோ, அங்கே பொருத்தமான சோதனையைப் பதினோரு மாதக் குழந்தை தேர்ந்தெடுக்கிறது. விழும் என்று தெரிந்திருப்பதால்தான், விழாததைக் கண்டதும் விட்டுப் பார்க்கிறது.

ஆகவே நாற்காலியில் நடக்கும் கேள்வி, "விழுமா?" என்பது அன்று. எங்கே விழும், எப்படிச் சத்தம் கேட்கும், உடையுமா, ஓடுமா, கிடந்த இடத்திலேயே கிடக்குமா என்பவைதாம் கேள்விகள். எவர்சில்வர் டம்ளரும் இட்லியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றன. ஆனால் ஒன்று அலறுகிறது, மற்றது ஊமையாகக் கிடக்கிறது. டம்ளர் விழும்போது முதல் முறை அவள் உடல் அதிர்ந்தது. நான்காம் முறை, டம்ளர் தரையைத் தொடுவதற்கு முன்பே அவள் கண்களை இறுக்கிக்கொண்டாள். அந்தக் கண் இறுக்கத்தை மெதுவோட்டத்தில் கண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் நடக்காத ஒன்றின் சத்தத்தை அவள் முன்கூட்டியே கேட்டுவிட்டாள். அதே வாரத்தில், இட்லியை விடும்போது பார்வை இட்லியோடு போவதும் நின்றது. இட்லி பாதி வழியில் இருக்கும்போதே அவள் கண் தரையில் போய்க் காத்திருந்தது. விரல், பிறகு பொருள், பிறகு பொருளுக்கு முன்னால் தரை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் அவள் பார்வை நடந்த வழி இது.

ஆனால் அவள் அறிந்தது எவ்வளவு குறுகியது என்பதையும் எங்கள் ஊர்க் காற்று காட்டிக்கொடுத்தது. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் எங்களுக்குக் காற்று வீட்டு ஆள் போல. ஓர் ஆனி மாத நண்பகலில் கதவும் சன்னலும் திறந்திருக்க, அவள் கையில் ஒரு பப்படத் துண்டு. அவளுக்கு அப்போது பதினான்கு மாதம். விளிம்புக்கு அப்பால் நீட்டினாள், விட்டாள், வழக்கம்போலக் கண்ணை நேர் கீழே கொண்டுபோய்க் காத்திருந்தாள். பப்படம் ஓர் அடி பக்கவாட்டில் பறந்து, சோபாவின் காலடியில் விழுந்தது. அவள் நேர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் சாய்ந்து நாற்காலிக்கு அடியில் தேடினாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அடுத்த துண்டும், அதற்கு அடுத்ததும் இப்படியே; ஐந்தாவதில்தான் தலை சோபாவின் பக்கம் திரும்பியது. நேர் கீழே என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதை புரூஸ் ஹுட் என்ற ஆய்வாளர் 1995இல் காட்டியிருக்கிறார். வளைந்த குழாயின் மேல் வாயில் ஒரு பந்தைப் போட்டு, அது எங்கே போயிற்று என்று கேட்டால், குழாய் வேறு பக்கம் வளைந்து செல்வது கண்ணெதிரே இருந்தும், இரண்டு வயதுக் குழந்தைகள் மேல் வாய்க்கு நேர் கீழே உள்ள பெட்டியிலேயே தேடுகின்றன. இரண்டு வயதுக் குழந்தைகளே இப்படித் தேடுவதை நினைத்தால், என் மகள் அந்த நண்பகலில் ஐந்து துண்டுக்குள் தலையைத் திருப்பியது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மறுநாள் மறுபடியும் நேர் கீழே பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றுக்கு நடுவே இன்னொரு வகை விடுதலும் கலந்துவிட்டது, அதுதான் வீட்டில் சண்டையைக் கொண்டுவந்தது. பதினோராம் மாத முடிவில், அவள் பொருளை நீட்டிக்கொண்டு, விடுவதற்கு முன் அத்தையின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். பார்வை முதலில் முகத்துக்கு, பிறகுதான் விரல் திறக்கும், பிறகு மறுபடி முகத்துக்கு. தரையை அவள் பார்ப்பதே இல்லை. அத்தை "அடடா" என்று ஓடிவந்து எடுத்துக் கொடுப்பார், உடனே மறுபடி. இங்கே சோதிக்கப்படும் பொருள் இட்லி அன்று, அத்தை. நாம் ஒன்று செய்தால் இன்னொருவர் ஒன்று செய்கிறார் என்ற தொடர்பை, தொலைவில் உட்கார்ந்தபடி இவ்வளவு உறுதியாகக் காட்டும் வேறு விளையாட்டு அந்த வயதில் கிடைப்பது அரிது. இதைத் தடுப்பதற்குக் கோபித்தாலும் அது விளையாட்டின் அடுத்த ஆட்டமாகவே ஆகிவிடும். அத்தையின் "அடடா" உரத்துப் போகப் போக, அவள் நீட்டும் கையும் உயர்ந்துகொண்டே போயிற்று.

மூன்றாவதும் ஒன்று உண்டு, வயிறு நிறைந்துவிட்டது என்பது. அதில் பார்வை எங்குமே போகாது. தரையையும் பார்க்க மாட்டாள், முகத்தையும் பார்க்க மாட்டாள். புறங்கையால் தட்டுப்பலகையில் இருப்பதை ஒதுக்கித் தள்ளுவாள், வாய் மூடியிருக்கும், தலை திரும்பியிருக்கும், முதுகு வளைந்து வாரிலிருந்து நழுவப் பார்க்கும். இதை முதல் வகை என்று எண்ணி நான் மேலும் ஊட்ட முயன்ற நாட்களில்தான் அழுகை வந்தது. தவறு என்னுடையது; அவள் தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

பார்வையை வைத்து மூன்றையும் பிரிக்கத் தெரிந்த பிறகு வீட்டில் செய்தவை சிலவே. கிண்ணம் நிறைய வைப்பதை நிறுத்தி, தட்டுப்பலகையில் ஒரு நேரத்தில் மூன்று துண்டு மட்டும் வைத்தோம். மூன்றும் வாய்க்கோ தரைக்கோ போன பிறகு அடுத்த மூன்று. பார்வை தரைக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்வை முகத்துக்கு வந்தால், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, விழுந்ததை எடுத்துக் கொடுக்காமல், உணவு முடிந்த பிறகு எடுத்தோம். அந்த விளையாட்டை மாலையில் முற்றத்தில், துணிப்பந்தையும் மரக்கரண்டியையும் வைத்து, வேண்டுமட்டும் நாங்களே ஓடி ஓடி எடுத்துக் கொடுத்து ஆடினோம். பார்வை எங்கும் போகாவிட்டால் உடனே கையைத் துடைத்து இறக்கிவிட்டோம். வாரை மட்டும் ஒருநாளும் தளர்த்தவில்லை, விழுந்ததைப் பார்க்கக் குழந்தை முழு உடம்பையும் வெளியே சாய்க்கும்.

அன்னத்தைப் பற்றிய அத்தையின் வருத்தத்தை நான் சிறிதும் தள்ளிவிடவில்லை. சோற்றைக் காலால் மிதிக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். நாற்காலியின் கீழே கழுவிய பழைய கோரைப்பாய் ஒன்றை விரித்தோம். விழுந்தவற்றை அத்தை கையால் பொறுக்கி, முற்றத்து மதிலில் காக்கைக்கு வைத்தார். அவர் மனம் அதில் அமைதியடைந்தது.

இது எப்போது நிற்கும் என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் ஒன்றரை வயதை ஒட்டி இது குறைந்து, பெட்டியில் போடுவது, அடுக்குவது, கையில் கொடுப்பது போன்றவை அதன் இடத்துக்கு வருகின்றன. பதினெட்டு மாதம் தாண்டியும், கையில் கொடுப்பதையெல்லாம் உடனே கீழே போட்டு, அது விழுவதையும் பார்க்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு குழந்தை இருக்குமானால், கூடவே பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் விரலால் எதையும் சுட்டிக் காட்டாமலும் இருக்குமானால், குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. போடுவது அங்கே கவலைக்குரியதன்று; பார்க்காமல் போடுவதுதான் மருத்துவர் கேட்டறிய விரும்பும் செய்தி.

என் மகளுக்கு இப்போது பதினாறு மாதம். நேற்றுக் காலை நேந்திரம்பழத் துண்டு ஒன்றை எடுத்து, விளிம்புக்கு அப்பால் நீட்டினாள். அத்தை ஏதும் சொல்லாமல் தம் உள்ளங்கையை அதன் கீழே கொண்டுபோய் விரித்து, "தா" என்றார். அவள் பழத்தைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள், கையை நான்கு விரற்கடை இறக்கினாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும், பிரிந்தன. பழம் அத்தையின் கையில் இருந்தது. அவள் உடனே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கையை மறுபடி விளிம்புக்கு அப்பால் கொண்டுபோனாள். அத்தையும் உள்ளங்கையைக் கொண்டுபோனார்.